வண்டி கிடைக்கவில்லை என்றால் வழக்கும் இல்லையா? வாளையார் பக்கத்துக் குடும்பங்கள் செய்யும் தவறுகள்

கோவையை அடுத்த மதுக்கரையில் வீடு, எல்லை தாண்டிக் கேரளத்தின் கஞ்சிக்கோட்டில் உருக்காலை வேலை. நாற்பது வயதைத் தாண்டிய ஒருவர் விடிகாலை ஷிப்டுக்குப் பைக்கில் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். வாளையார் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பின்னால் வந்த லாரி இடித்துவிட்டு நிற்காமல் போய்விடுகிறது. எண்ணை யாரும் பார்க்கவில்லை. உறவினர்கள் அவரைக் கோவைக்குக் கொண்டுவருகிறார்கள். மூன்றாம் நாள் அரசு மருத்துவமனையில் உயிர் போகிறது. பிரேதப் பரிசோதனை கோவையில், வீடு தமிழ்நாட்டில், இடித்த இடம் கேரளத்தில். எங்கள் எல்லையோரத்தில் குடும்பங்கள் தடுமாறுவது பெரும்பாலும் இப்படிப்பட்ட விபத்துகளில்தான்.

இந்த வீட்டுக்கு 2 லட்ச ரூபாய் இழப்பீடு வர வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 161ஆம் பிரிவும், அதன் கீழ் 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள திட்டமும் அதைச் சொல்கின்றன. உயிரிழந்தால் 2 லட்சம், கொடுங்காயம் என்றால் 50,000. அதற்கு முன் இருந்த திட்டத்தில் 25,000மும் 12,500மும்தான். பணம் வருவது அரசு நிதியிலிருந்து. ஓட்டுநர் யார், தவறு யாருடையது என்று நிரூபிக்க வேண்டிய சுமை குடும்பத்துக்கு இல்லை. ஒரு வண்டிதான் இடித்தது, தேடியும் அது எது என்று தெரியவில்லை என்ற இரண்டும் காகிதத்தில் இருந்தால் போதும்.

அந்தக் காகிதத்தில்தான் முதல் தவறு நடக்கிறது. ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அவசரத்தில், கூட வந்தவர் "பைக்லேர்ந்து விழுந்துட்டாருங்க" என்று சொல்லிவிடுகிறார். அவர் பொய் சொல்லவில்லை, விழுந்துகிடந்ததைத்தானே பார்த்தார். ஆனால் டாக்டர் அதை அப்படியே எழுதிவிடுவார். விபத்துப் பதிவேட்டில் தானாக விழுந்தார் என்றும், எஃப்.ஐ.ஆரில் அடையாளம் தெரியாத வாகனம் மோதியது என்றும் இருந்தால், பின்னால் மனுவை விசாரிக்கும் அதிகாரி முதலில் பிடித்துக்கொள்வது இந்த முரண்பாட்டைத்தான். தெரிந்தால் "அடையாளம் தெரியாத வண்டி இடித்துவிட்டுப் போய்விட்டது" என்ற சொற்களையே சொல்லுங்கள். தெரியாவிட்டால் "எப்படி நடந்தது என்று தெரியவில்லை, ரோட்டில் கிடந்தார்" என்று சொல்லுங்கள். ஊகித்துச் சொல்வதுதான் ஆபத்து. போலீஸிடமும் அப்படித்தான். வெள்ளை டாங்கர் மாதிரி இருந்தது, தமிழ்நாட்டு வண்டியாக இருக்கலாம் என்று ஆளுக்கொன்று சொன்னால், உண்மையான வண்டியைத் தேடுவதும் திசைமாறிப் போகும்.

வண்டியைத் தேடுவதிலும் குடும்பத்துக்குப் பங்கு உண்டு. பாலக்காட்டுப் பக்கம் போன லாரி என்றால் பாம்பாம்பள்ளம் சுங்கச்சாவடியைக் கடந்திருக்கலாம். வழியிலுள்ள பெட்ரோல் பங்க், பேக்கரி, ஆலை வாசல் எல்லாவற்றிலும் கேமரா இருக்கும். பழைய பதிவின் மேல் புதியது ஏறிக்கொண்டே இருக்கும் என்பதால், அந்தப் பதிவுகளை எடுக்கச் சொல்லி ஓரிரு நாளுக்குள் எழுத்தில் மனுக் கொடுத்து, ரசீது வாங்குங்கள். வண்டி கிடைத்தால் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் இதைவிடப் பெரிய தொகை கேட்கலாம். கிடைக்காவிட்டால், தேடினார்கள் என்பதற்கு அந்த மனுவே சாட்சி.

இனி எங்கள் பக்கத்துக்கே உரிய தவறு. இறந்தது கோவையில், வாரிசுச் சான்றிதழ் தந்தது மதுக்கரை தாசில்தார், எனவே இழப்பீட்டு மனுவையும் அங்கேயே கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். வீடு இருக்கும் தாலுகாவோ உயிர் போன தாலுகாவோ இங்கே கணக்கில்லை. விபத்து நடந்த தாலுகாதான் கணக்கு. வாளையார் தாண்டிக் கஞ்சிக்கோடு பக்கம் நடந்தது என்றால் மனு போக வேண்டியது பாலக்காடு தாலுகாவுக்கு. அங்கே விசாரணை அதிகாரியாக இருப்பது தாசில்தார் அல்லது வருவாய்க் கோட்ட அதிகாரி. உத்தரவு போடுவது பாலக்காடு கலெக்டர். எல்லையில் ஒரு பாலம், ஒரு வளைவு தள்ளி நடந்திருந்தால் அது க.க.சாவடி போலீஸ் எல்லை, மதுக்கரை தாலுகா. அதனால் எஃப்.ஐ.ஆரில் இடத்தை "வாளையார் அருகே" என்று மொட்டையாக எழுத விடாதீர்கள். கிலோமீட்டர் கல், கடை, கோயில் என்று ஏதாவது ஓர் அடையாளத்தைச் சொல்லி எழுதச் சொல்லுங்கள்.

கோவையில் உயிர் போனால் புகாரைக் கோவைப் போலீஸே வாங்கலாம். எல்லை எதுவாக இருந்தாலும் புகாரைப் பதிந்து உரிய காவல் நிலையத்துக்கு அனுப்ப இன்றைய சட்டம் இடம் தருகிறது. அதைத்தான் ஜீரோ எஃப்.ஐ.ஆர் என்கிறார்கள். ஆனால் அனுப்பினோம் என்று அவர்கள் சொன்னதோடு வீடு திரும்பிவிடக் கூடாது. கேரளக் காவல் நிலையம் அதற்குப் புது எண் போட்டதா என்று நேரில் போய்ப் பாருங்கள். மனுவில் குறிப்பிட வேண்டியது அந்த எண்ணைத்தான். எஃப்.ஐ.ஆர் மலையாளத்தில் இருக்கும், பிரேத விசாரணை அறிக்கை தமிழில் இருக்கும். இரண்டிலும் பெயர், தந்தை பெயர், தேதி, நேரம் ஒன்றாக இருக்கின்றனவா என்று மலையாளம் படிக்கத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிவரியாகப் பாருங்கள். ஊர்ப் பெயரும் தந்தை பெயரும் எழுத்து மாறும்போது உருமாறிவிடுவது இங்கே வழக்கம்.

காயத்தோடு பிழைத்தவர்களுக்கு வேறொரு சிக்கல் உண்டு. எலும்பு முறிவு கொடுங்காயத்தில் சேரும். ஆனால் பாலக்காட்டில் முதலுதவி செய்த டாக்டர் சிராய்ப்பு என்று எழுதியிருப்பார், மறுநாள் கோவையில் எக்ஸ்ரே எடுத்தபோதுதான் முறிவு தெரிந்திருக்கும். முதல் சான்றிதழை மட்டும் இணைத்தால் 50,000 கைநழுவிப் போகும். கோவை ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறிக்கையையும் டிஸ்சார்ஜ் சுருக்கத்தையும் வாளையார் போலீஸிடம் கொடுத்து வழக்குக் கோப்பில் சேர்க்கச் சொல்லுங்கள், ஒரு நகலை மனுவோடும் வையுங்கள்.

போலீஸ் வழக்கை முடிக்கும்வரை காத்திருப்பதும் தவறு. 2024 ஜனவரி 12 அன்று உச்ச நீதிமன்றம் இதற்கென்றே உத்தரவிட்டிருக்கிறது. வழக்குப் பதிந்து ஒரு மாதத்துக்குள் வண்டி எது என்று தெரியாவிட்டால், இந்தத் திட்டத்தில் இழப்பீடு கேட்கலாம் என்று காவல் நிலைய அதிகாரி குடும்பத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இழப்பீட்டு மனுவை விசாரிக்கும் அதிகாரியின் அலுவலக முகவரியும் மின்னஞ்சலும் அதில் இருக்க வேண்டும். நாட்காட்டியில் முப்பதாம் நாளைக் குறித்து வைத்திருந்து, கடிதம் வரவில்லை என்றால் நீங்களே போய்க் கேளுங்கள்.

மனு முதலாம் படிவத்தில். நான்காம் படிவம் ஓர் உறுதிமொழி. அடையாளச் சான்றும் வங்கிப் பாஸ்புக் நகலும் இணைக்க வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை. கமிஷன் கேட்கும் தரகர் தேவையே இல்லை. எஃப்.ஐ.ஆர், பிரேத விசாரணை அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை எல்லாவற்றையும் வரவழைக்க வேண்டியது விசாரணை அதிகாரியின் கடமை. இருந்தாலும் மாநிலம் தாண்டிய காகிதம் தானாக வந்து சேராது, உங்கள் நகலைக் கையோடு கொடுத்துவிடுவது நல்லது. விசாரணைக்கு ஒரு மாதம், கலெக்டர் உத்தரவுக்கு 15 நாள், பொதுக் காப்பீட்டுக் கவுன்சில் வங்கிக் கணக்கில் பணம் போட 15 நாள் என்று விதி சொல்கிறது. ஆக, எல்லாம் ஒழுங்காக நடந்தால் இரண்டு மாதம்.

உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டால் பின்னால் எதுவும் கேட்க முடியாதோ என்று சிலர் பயந்து பணத்தையே வாங்காமல் விடுகிறார்கள். பயம் வேண்டாம். பிறகு லாரி கிடைத்தால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், அங்கே கிடைக்கும் தொகையில் ஏற்கனவே வாங்கிய 2 லட்சத்தைத் திருப்ப வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

இறந்தவரின் சொந்த பைக் என்றால், அதன் இன்சூரன்ஸ் தாளையும் எடுத்துப் பாருங்கள். ஓட்டிவந்த உரிமையாளருக்கான 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு அதில் சேர்ந்திருக்கக்கூடும். அதைக் கேட்க இடித்த வண்டி கிடைக்க வேண்டியதில்லை. ஆனால் ஓட்டுநர் உரிமம் நடப்பில் இருந்திருக்க வேண்டும். அரசு நிதிக்கு அலையும் பல வீடுகளில் இந்தத் தாள் பைக் சீட்டுக்கு அடியிலேயே கிடக்கிறது. அதற்கான மனுவைக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தனியாகவும் தாமதமின்றியும் கொடுக்க வேண்டும்.