சோறு வேண்டாம், பால் போதும் என்கிற இரண்டு வயதுப் பிள்ளைக்கு

பினாங்கு ஆயர் ஈத்தாமில் இருக்கும் என் தங்கை மகளுக்கு இரண்டு வயது. சோற்றைக் கண்டாலே தலையைத் திருப்பிக்கொள்வாள். ஒருநாள் அவள் குடித்ததைக் கணக்கெடுத்தோம்: 240 மில்லி புட்டிப்பால், நான்கு தடவை. அது ஏறக்குறைய 600 கலோரி. இந்த வயதில் ஒரு நாளைக்குத் தேவையே 1000 கலோரி அளவுதான். பிறகு பசி எங்கிருந்து வரும்?

வயிறு நிறைவதோடு பிரச்சினை முடிவதில்லை. பசும்பாலில் இரும்புச்சத்து இல்லை என்றே சொல்லலாம். பாலை மட்டுமே குடிக்கும் பிள்ளைகளுக்கு ரத்தசோகை வருவது இதனால்தான். ஆகவே முதலில் கவனிக்க வேண்டியது இரும்புச்சத்து. சுண்ணாம்புச்சத்துக்கு இரண்டு புட்டிப் பாலே போதும்.

முதல் படி, பாலைக் குறைப்பது. ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். முதல் வாரம் நடுராத்திரிப் புட்டியை விட்டோம், அடுத்த வாரம் மதியச் சாப்பாட்டுக்கு முந்தியதை. மிச்சம் 480 மில்லி. அதையும் சாப்பாட்டுக்குப் பிறகு, கோப்பையில் கொடுங்கள்.

இரண்டாவது, இடைவெளி. ஒரு சாப்பாட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே இரண்டரை மணி நேரம் தண்ணீர் மட்டும். எங்கள் வீட்டில் திட்டம் உடைந்தது இங்கேதான். “பாவம், பிள்ளை ஒன்னுமே சாப்பிடல” என்று பாட்டி பிஸ்கட்டை நீட்டிவிடுவார். அவரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

மூன்றாவது, அளவு. ஒவ்வொரு பதார்த்தத்திலும் வயதுக்கு ஒரு மேசைக்கரண்டி என்பது எளிய கணக்கு. அவள் தட்டில் இரண்டு கரண்டி சோறு, இரண்டு கரண்டி கெட்டிப் பருப்பு, இரண்டு கரண்டி பிய்த்த கோழி, கொஞ்சம் கீரை. கேட்டால் இன்னும் போடலாம். பெரியவர்கள் கண்ணுக்கு இது கேலியாகத் தெரியும், ஆனால் அவளுக்கு இது முழுச் சாப்பாடு.

பருப்பு, கீரையில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் லேசில் சேராது. கூடவே விதை நீக்கி மெல்லியதாக நறுக்கிய கொய்யாவோ பப்பாளியோ கொடுத்தால் நன்றாகச் சேரும். தேத்தண்ணி அதைத் தடுக்கும். ஒரு வாய்கூட வேண்டாம். கோழி ஈரல் அருமையானது. ஆனால் வைட்டமின் ஏ மிகுதி என்பதால் வாரம் ஒருமுறை, இரண்டு கரண்டிக்குள்.

இருபது நிமிடத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். வாயில் திணிக்க வேண்டாம். புதுப் பதார்த்தத்தைப் பத்துப் பதினைந்து தடவை காட்டிய பிறகே சில பிள்ளைகள் தொடும். இவள் கீரையைத் தொட ஒரு மாதம் ஆனது.

கீழ் இமையின் உட்புறம் வெளுத்திருந்தாலோ, மண், காகிதம் தின்றாலோ, எடை ஏறாமல் நின்றாலோ கிளினிக்கில் ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் 11க்குக் கீழே போனால் சாப்பாட்டை மட்டும் நம்ப முடியாது, டாக்டர் மருந்து தருவார். இரும்புச்சத்து மருந்தை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். அளவு மீறினால் அது விஷம்.