கீரை கூவி விற்கும்போது செய்யக் கூடாத தவறுகள்

தெருவில் கூவி விற்கப் புதிதாக வருகிறவர்கள் முதல் நாளே செய்கிற தவறு, கத்துவது. தொண்டையை இறுக்கி அடித்துக் கத்தினால் ஏழு மணிக்குக் கிளம்பியவருக்கு எட்டரைக்கெல்லாம் குரல் கம்மிவிடும், அப்புறம் மிச்சக் கட்டுகளை யாருக்கும் கேட்காமல்தான் சுமந்து திரிய வேண்டும். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலியின் பலம் கால் பங்காகிவிடும். அதாவது இருபது மீட்டரில் கேட்கிற குரல் நாற்பது மீட்டரிலும் அதே அளவு கேட்க வேண்டுமானால் நாலு மடங்கு பலம் போட வேண்டும். இருபக்கமும் சுவர் இருக்கிற சந்தில் இது கொஞ்சம் குறையும், ஆனாலும் வெறும் பலத்தை நம்பினால் தொண்டைதான் போகும்.

பழகினவர்கள் பலத்தை விட்டுவிட்டு எழுத்தைப் பிடிக்கிறார்கள். எங்கள் தெருவுக்கு வருகிற கீரைக்கார அம்மா "கீரை" என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. "கீ" என்பதைத் தாழ்வாக, சட்டென்று தொட்டுவிட்டு, "ரே"யில் ஏறி, அங்கேயே நின்று, "கீரேஏஏஏய்" என்று இழுத்து, கடைசி "ய்"யில் வெட்டிவிடுவார். க, ப, ட போன்ற வல்லெழுத்துகள் தூரம் போகப் போகச் சீக்கிரம் தேய்ந்துவிடும். தூரம் போவது உயிரெழுத்துதான், அதிலும் வாயை நன்றாகத் திறந்து சொல்கிற ஆ, ஏ, ஓ மூன்றும் இ, உ இரண்டையும்விடச் சத்தமாக வரும். உப்பு விற்கிறவர் "உப்பேஏய்" என்பதும், மோர் விற்கிறவர் "மோரேஏய்" என்பதும் இதனால்தான். "உப்பு" என்று எழுதியிருக்கிறபடியே கூவினால் உதடு குவிந்து, மூடி, சத்தம் வெளியே வருவதற்குள் சொல்லே முடிந்துவிடும். சுருதியைச் சற்று ஏற்றிப் பிடிப்பதற்கும் காரணம் உண்டு. லாரி, பஸ் இரைச்சல் பெரும்பாலும் தாழ்ந்த சுருதியில் இருக்கிறது, அதே உயரத்தில் கூவினால் குரல் அதற்குள் அமுங்கிவிடும்.

அடுத்த தவறு, இருக்கிற எல்லாவற்றையும் ஒரே அழுத்தத்தில் ஒப்பிப்பது. அரைக்கீரை, முளைக்கீரை, சிறுகீரை, பொன்னாங்கண்ணி, கட்டு இத்தனை ரூபாய் என்று சமமாகச் சொன்னால் வீட்டுக்குள் இருக்கிறவருக்கு ஏதோ பேச்சுச் சத்தமாகத்தான் கேட்கும். அந்த அம்மா "அரக்கீர மொளக்கீர" என்பதை நடையோடு நடையாக, ஒரு அடிக்கு ஒரு சொல்லாக விட்டுவிட்டு, மூச்சு இழுத்து, "சிறுகீரேஏஏய்" என்று முடிப்பார். தூரத்து வீட்டுக்கு அந்த வால் மட்டும் போதும், வந்திருப்பது கீரை என்று தெரிந்துவிடும். மற்ற பெயர்கள் வாசலில் நிற்கிறவருக்கு. விலையை அவர் கூவுவதே இல்லை, கட்டைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் சொல்வார். இது சரி என்றுதான் நினைக்கிறேன், கீரையைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்னால் விலையைக் கேட்டால் பாதிப் பேர் வாசலுக்கே வர மாட்டார்கள்.

ஆனால் வியாபாரத்தை அதிகம் கெடுப்பது இடைவெளி விடாமல் கூவுவதுதான். கணக்குப் போட்டுப் பார்ப்போம். கூடையோடு நடக்கிறவர் விநாடிக்கு ஒரு மீட்டர் போகிறார், குரல் ஐம்பது மீட்டர் எட்டுகிறது என்று வைத்துக்கொண்டால், முதல் கூவல் காதில் விழுந்ததிலிருந்து அவர் வாசலுக்கு வர ஐம்பது விநாடி ஆகும். அதற்குள் மாடியில் இருக்கிறவர் அடுப்பைக் குறைத்து, சில்லறை எடுத்து, படி இறங்க வேண்டும், அல்லது "கீரைக்காரம்மா, நில்லுங்க!" என்று குரலாவது கொடுக்க வேண்டும். மூன்று விநாடி கூவி ஏழு விநாடி சும்மா நடந்தால் அந்த ஐம்பது விநாடியில் ஐந்து முறை கூவலாம், பதில் கேட்க முப்பத்தைந்து விநாடி கிடைக்கும். அந்த அம்மா தெருமுனை திரும்பியதும் உள்ளே நுழையாமல் நின்று, தெருவின் நீளத்தைப் பார்த்து ஒருமுறை கூவிவிட்டு, தலையைச் சற்றுச் சாய்த்துக் கேட்பார். எந்த வீட்டில் கதவுத் தாழ்ப்பாள் எடுக்கிறார்கள் என்பதுகூட அவருக்குத் தெரிந்துவிடும்.

மொபெட்டில் ஒலிபெருக்கி கட்டி, பதிவு செய்த குரலை ஓடவிடுகிறவர்கள் கோட்டைவிடுவதும் இங்கேதான். மணிக்கு பதினெட்டு கிலோமீட்டர் வேகம் என்றால் விநாடிக்கு ஐந்து மீட்டர். ஒலிபெருக்கி நூறு மீட்டர் எட்டினாலும் இருபது விநாடியில் வண்டி வாசலைத் தாண்டியிருக்கும், மாடியிலிருந்து கூப்பிடுகிறவரின் குரலோ அந்தப் பதிவுக்கு அடியில் அமுங்கிப்போயிருக்கும். ஒலிபெருக்கி வேண்டாம் என்று சொல்லவில்லை, நாள் முழுக்கச் சுற்றுகிறவருக்குத் தொண்டை மிச்சம். பதிவு செய்யும்போதே ஒவ்வொரு கூவலுக்கும் பின்னால் பத்து விநாடி வெறுமையாக விட்டுவிடுங்கள், அந்தப் பத்து விநாடியும் வண்டியை உருட்டிக்கொண்டு போங்கள், கண் மாடிப் பக்கம் இருக்கட்டும்.