இரத்ததான முகாமில் கீழ் எண்ணை மறப்பவர்கள்

எங்கள் தோட்டப்புறப் பட்டணத்தில், தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் நடக்கும் இரத்ததான முகாம்களில் பதிவு மேசையில் உதவியாக இருந்து வருகிறேன். அங்கே அதிகமான மனத்தாங்கல் இரத்த அழுத்தம் பார்க்கும் இடத்தில்தான் எழுகிறது. “மேலே 154தானே, அது என்ன பெரிய பிரஷரா?” என்று ஒருவர் தாதியிடம் கேட்டார். அவர் செம்பனைக் குலை வெட்டுபவர், வயது ஐம்பதை நெருங்கியவர். அவருடைய அளவு 154/102.

தானம் செய்ய வருபவர்கள் பெரும்பாலும் மேல் எண்ணை மட்டுமே பார்க்கிறார்கள். இதயம் சுருங்கும்போது உண்டாகும் அழுத்தத்தை மேல் எண்ணும், இரு துடிப்புகளுக்கு இடையில் அது தளர்ந்திருக்கும்போதுள்ள அழுத்தத்தைக் கீழ் எண்ணும் காட்டுகின்றன. இரண்டும் தனித்தனியே எடைபோடப்படுகின்றன. ஒன்று எல்லையைத் தாண்டினாலே தானம் நிற்கும். எல்லை நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. அமெரிக்க விதிப்படி மேல் எண் 90 முதல் 180 வரையிலும், கீழ் எண் 50 முதல் 100 வரையிலும் இருக்க வேண்டும். இந்தியாவில் அது 100 முதல் 140, 60 முதல் 90 என்று இன்னும் குறுகியது. நம் நண்பரின் மேல் எண் அமெரிக்க எல்லைக்குள் வசதியாகவே அடங்கியிருந்தாலும், 102 என்ற கீழ் எண் இரண்டு நாட்டு எல்லைகளையும் கடந்துவிடுகிறது.

உண்மையில், அவரிடம் முதலில் பதிவானது 168/112. காலை வேலை முடிந்து நேராக மோட்டார் சைக்கிளில் வந்தவர், வழியில் கோப்பி குடித்து, வாசலில் சிகரெட் பிடித்து, உட்கார்ந்த உடனே கையை நீட்டினார். முதுகு சாயவில்லை, கை மடியில் கிடந்தது, பக்கத்தில் இருந்தவரோடு பேசிக்கொண்டும் இருந்தார். கையில் சுற்றும் பட்டை இதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும் என்பது வெறும் சம்பிரதாயம் அன்று. பட்டை ஒவ்வொரு சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கும்போதும், அந்த உயரத்துக்கான இரத்தத்தின் பாரம் சேர்வதால், ஏறத்தாழ முக்கால் மில்லிமீட்டர் பாதரச அளவு இரண்டு எண்களிலும் கூடிவிடுகிறது. பன்னிரண்டு சென்டிமீட்டர் தாழ்ந்தால் ஒன்பது கூடும். பேச்சும், நிறைந்த சிறுநீர்ப்பையும், பருத்த கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றுவதும் இப்படியே அளவைப் பொய்யாக உயர்த்தும். கோப்பியையும் சிகரெட்டையும் குறைந்தது அரை மணி நேரத்துக்கு முன்பே முடித்து, ஐந்து நிமிடமாவது பேசாமல் சாய்ந்து உட்கார வேண்டும் என்று சொல்வது இதனால்தான். கால் மணி நேர ஓய்வுக்குப் பிறகு, கையை மேசைமேல் வைத்து மீண்டும் அளந்தபோதுதான் 154/102 வந்தது. மேலே 14, கீழே 10 குறைந்தது. குறையாமல் நின்றது அவருடைய உடம்பின் சொந்தக் கணக்கு.

தாழ்வான பக்கத்தின் எல்லையைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். 450 மில்லிலிட்டர் இரத்தம் வெளியேறும்போது, நாளங்களைச் சுருக்கியும் துடிப்பைக் கூட்டியும் உடல் அழுத்தத்தைக் காப்பாற்றிக்கொள்கிறது. தொடக்கத்திலேயே அழுத்தம் தாழ்ந்திருப்பவருக்கு அதற்கான இடம் குறைவு. மயக்கம் படுக்கையிலேயே வந்தால் தாதி அருகில் இருப்பார்; சிலருக்கோ சற்று நேரம் கழித்து, எழுந்து நடக்கும்போதோ மோட்டார் ஓட்டும்போதோ வந்துவிடுகிறது.

என்னை மிகவும் கவலைப்படுத்துவது மாத்திரை விஷயத்தில் செய்யும் தவறு. பிரஷர் மாத்திரை சாப்பிடுவதாகச் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று அஞ்சி, அன்று காலை மாத்திரையை விட்டுவிட்டு வருபவர்கள் உண்டு. எண் குறையட்டும் என்று இரண்டாக விழுங்கி வருபவர்களும் உண்டு. விட்டால் அழுத்தம் ஏறும். கூட்டிச் சாப்பிட்டாலோ எண் அழகாகத் தெரியும், ஆனால் மயக்கம் எளிதில் வரும். நீர் பிரியச் செய்யும் மாத்திரை உடலின் நீரைக் குறைக்கிறது, துடிப்பைக் கட்டுப்படுத்தும் மாத்திரையோ இரத்தம் போகும்போது இதயம் வேகம் எடுப்பதைத் தடுக்கிறது. எந்த மாத்திரை, எத்தனை நாளாக என்பதை உள்ளபடியே மருத்துவ அதிகாரியிடம் சொல்ல வேண்டும், முடிவு அவருடையது.

முகாம் எல்லையை நோய்க்கான எல்லையோடு குழப்புவதும் தவறே. மருத்துவமனையில் 140/90-ஐ எட்டும் அளவு மீண்டும் மீண்டும் பதிவானால் அதை உயர் இரத்த அழுத்தம் என்கிறார்கள். ஆகவே 150/95 உள்ளவர் அமெரிக்காவில் தானம் செய்ய அனுமதி பெறலாம், ஆனாலும் அவருக்குச் சிகிச்சை தேவைப்படலாம். மறுபுறம், ஒரே ஒரு முகாம் அளவைக் கொண்டு யாரையும் நோயாளி என்று முடிவுகட்ட முடியாது.

குலை வெட்டும் அந்த நண்பரிடம் அன்று இரத்தம் எடுக்கவில்லை. மருத்துவ அதிகாரி இரண்டு அளவுகளையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, அரசாங்கக் கிளினிக்கில் வேறு வேறு நாள்களில் பார்த்துக்கொள்ளச் சொன்னார். இரண்டு வாரம் கழித்து மளிகைக் கடையில் சந்தித்தபோது, அங்கே பார்த்த இரண்டு நாளும் கீழ் எண் 96-க்குக் குறையவில்லை என்றும், மருந்து தொடங்கிவிட்டார்கள் என்றும் சொன்னார்.