ரீசெட் பட்டனை அழுத்தும் முன்: ரௌட்டர் அட்மின் பக்கத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் பல வீடுகளில் ஃபைபர் இணைப்பு உள்ளூர் கேபிள்காரர் வழியாகத்தான் வருகிறது. அவர் சுவரில் மாட்டிய மோடம் ஒன்று, கடையில் வாங்கிய ரௌட்டர் ஒன்று என இரண்டு பெட்டிகள் இருக்கும். நெட் மந்தமானதும், ரௌட்டரின் செட்டிங்குகளை மாற்றும் அட்மின் பக்கத்தைத் திறக்கப் பார்க்கிறோம். முகவரியை ஊகித்து அடிப்பதுதான் அங்கே முதல் தவறு.

ஒரு பெட்டிக்கு 192.168.1.1, இன்னொன்றுக்கு 192.168.0.1, ஜியோஃபைபர் பெட்டிக்கு 192.168.29.1 என்று ஆளுக்கொரு முகவரி. உங்கள் வீட்டு முகவரி உங்கள் கருவியிலேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனில் வைஃபை அமைப்புக்குள் போய், இணைந்திருக்கும் வைஃபை பெயரின் விவரத்தைத் திறந்தால் Gateway என்ற வரியில் இருக்கும். ஐபோனில் அதே இடத்தில் Router என்று இருக்கும். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து இதை அடியுங்கள்:

```
ipconfig
```

வரும் பட்டியலில் Default Gateway வரிக்கு எதிரே உள்ள எண்தான் முகவரி. அதைக் கூகுள் தேடல் பெட்டியில் போடாமல், பிரவுசரின் மேல்பட்டையில் முன்னால் http:// சேர்த்து அடியுங்கள். அந்தச் சமயத்தில் போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். வைஃபையில் நெட் இல்லாவிட்டால் போன் தானாகவே டேட்டாவுக்குத் தாவிவிடும், பக்கம் திறக்காது.

இரண்டு பெட்டி உள்ள வீட்டில் இப்படிக் கிடைப்பது ரௌட்டரின் முகவரி. மோடத்துக்குத் தனி முகவரி உண்டு. லாகின் பக்கத்தில் தெரியும் கம்பெனிப் பெயரைப் பார்த்தால் எந்தப் பெட்டிக்குள் நுழைகிறோம் என்று தெரிந்துவிடும்.

லாகினில் பலர் வைஃபை பாஸ்வேர்டைப் போட்டுப் பார்க்கிறார்கள். அட்மின் பாஸ்வேர்டு வேறு. பெட்டியின் அடியில் ஒட்டிய லேபிளில் யூசர்நேமும் பாஸ்வேர்டும் அச்சிட்டிருக்கும். புதிய ரௌட்டர்களில் முதல்முறை நீங்களே வைத்த பாஸ்வேர்டாகவும் இருக்கலாம். திரும்பத் திரும்பத் தப்பாகப் போட்டால் சில பெட்டிகள் கொஞ்ச நேரம் பூட்டிக்கொள்ளும். லேபிளில் உள்ளது வேலை செய்யவில்லை என்றால் கேபிள்காரர் மாற்றியிருப்பார், அவரிடமே கேளுங்கள்.

இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. பாஸ்வேர்டு தெரியவில்லை என்று ஊசியால் ரீசெட் பட்டனைப் பத்து விநாடி அழுத்திவிடுகிறார்கள். உள்ளே கேபிள்காரரின் நெட்வொர்க்கில் நுழைவதற்கான PPPoE யூசர்நேம், பாஸ்வேர்டு, VLAN எண் எல்லாம் இருக்கும். கேபிள்காரர் கையால் போட்டுக்கொடுத்த இந்த விவரங்கள் அழிந்தால், வைஃபை பிடிக்கும், நெட் வராது. அவர் வந்து மறுபடி போடும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அதனால் உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாக இந்த விவரங்கள் இருக்கும் WAN பக்கத்தைப் போட்டோ எடுத்து வையுங்கள். அதில் PPPoE பாஸ்வேர்டு புள்ளிகளாகத்தான் தெரியும். அதைக் கேபிள்காரரிடம் கேட்டுத் தனியாக எழுதி வையுங்கள்.

ஸ்பீடுக்கு எதை முதலில் பார்ப்பது? வைஃபையை அல்ல, கேபிளை. 200 எம்பிபிஎஸ் பிளான் எடுத்த வீட்டில், லேப்டாப்பை ரௌட்டரில் கேபிளால் நேராகச் செருகி ஸ்பீடு டெஸ்ட் போட்டாலும் 93, 94-க்கு மேல் ஏறவில்லை என்று வைத்துக்கொள்வோம். எப்போது பார்த்தாலும் அதே எண் என்றால், வழியில் ஏதோ ஒரு இணைப்பு 100-இல் நின்றுவிட்டது என்று அர்த்தம். ரீஸ்டார்ட் செய்து பயனில்லை. ரௌட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில், மோடத்திலிருந்து வரும் கேபிள் செருகிய WAN போர்ட், லேப்டாப் செருகிய LAN போர்ட் இரண்டின் வேகமும் இருந்தால் பாருங்கள். 1000 இருக்க வேண்டிய இடத்தில் 100 இருக்கும். ஜிகாபிட் வேகத்துக்குக் கேபிளுக்குள் எட்டு கம்பியும் வேண்டும். ஒன்று அறுந்தாலும், கிளிப் சரியாக அடிக்காவிட்டாலும் 100-க்கு இறங்கிவிடலாம். மோடத்துக்கும் ரௌட்டருக்கும் இடையே உள்ள குட்டிக் கேபிளை முதலில் மாற்றுங்கள், அடுத்து லேப்டாப் கேபிளை. அப்போதும் 100 என்றால் ரௌட்டரின் போர்ட்டே 10/100 வகையாக இருக்கலாம். அந்த ரௌட்டரை மாற்றாமல் 200 கிடைக்காது.

கேபிளில் முழு வேகம் வந்த பிறகுதான் வைஃபை. அதில் Security வரியை முதலில் பாருங்கள். TKIP அல்லது WEP என்ற பழைய பாதுகாப்பு முறை இருந்தால் வைஃபை 54 எம்பிபிஎஸ் என்ற பழைய வரம்புக்குள் விழுந்துவிடும். போனில் இணைப்பு வேகம் 54-ஐத் தாண்டாததே இதற்கு அடையாளம். WPA2 உடன் AES வையுங்கள். அடுத்து 2.4 கிகாஹெர்ட்ஸில் Channel Width. வேகம் கூடும் என்று 40 வைப்பார்கள். அக்கம்பக்கத்து வைஃபைகள் நிறைந்த தெருவில் அது அலையின் பாதியை அடைத்துக்கொண்டு எல்லோருடனும் மோதும். 20 வைத்து, சேனலை 1, 6, 11-இல் கூட்டம் குறைந்த ஒன்றாக வையுங்கள். அகலத்தை 5 கிகாஹெர்ட்ஸில் 80 என்று தாராளமாக விடலாம். ஆனால் 5 கிகாஹெர்ட்ஸ் அலை தடித்த சுவரைத் தாண்டுவதில் பலவீனம். அடுத்த அறையில் வேகம் விழுந்தால் செட்டிங்கைத் தோண்டாதீர்கள், ரௌட்டரை நகர்த்துங்கள்.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்து, Save அழுத்தி, டெஸ்ட் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றினால் எது கெடுத்தது என்று கண்டுபிடிக்க முடியாது. இந்த வேலையைக் கேபிளில் இணைந்த லேப்டாப்பிலிருந்து செய்தால், வைஃபை அறுந்தாலும் அட்மின் பக்கம் கையிலேயே இருக்கும்.