அலுவலகம் இடம் மாறுகிறது, நடுவில் பொங்கல் விடுமுறை: வாடிக்கையாளருக்கு அறிவிப்பு எழுதுவது எப்படி?

குன்னூரில் இருக்கும் ஒரு ஜிஎஸ்டி கணக்கு அலுவலகம் கோத்தகிரிக்கு மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். மாற்றும் வேலையைப் பொங்கல் விடுமுறையில் முடிக்கத் திட்டம். வாடிக்கையாளர்களில் தேயிலைத் தொழிற்சாலை வைத்திருப்பவர்கள், குன்னூர் கடைக்காரர்கள், கோயம்புத்தூரில் இருந்துகொண்டு இங்கே தங்கும் விடுதி நடத்துபவர்கள் எல்லாரும் உண்டு. இவர்களுக்கு அனுப்பும் அறிவிப்பை எப்படித் தயார் செய்வது என்று பார்ப்போம். 2026 பொங்கல் வாரத்தையே எடுத்துக்கொள்கிறேன். ஜனவரி 15 வியாழன் பொங்கல், 18 ஞாயிறு.

முதல் படி: தேதிகளைத் தாளில் எழுதுங்கள்

கடிதத்தைத் தொடங்கும் முன் மூன்று தேதிகள் முடிவாகியிருக்க வேண்டும். பழைய இடத்தில் கடைசி வேலை நாள், புதிய இடத்தில் முதல் வேலை நாள், பழைய தொலைபேசி எண் நிற்கும் நாள்.

"15 முதல் 18 வரை விடுமுறை" என்று மட்டும் எழுதினால் 18 அன்று திறந்திருக்குமா, மூடியிருக்குமா என்று பாதிப் பேர் கேட்பார்கள். அதற்குப் பதில் "14 புதன் மாலை 5 மணி வரை குன்னூரில் இருப்போம். 19 திங்கள் காலை 10 மணிக்குக் கோத்தகிரியில் திறக்கிறோம்" என்று எழுதுங்கள். கிழமையும் நேரமும் சேர்ந்துவிட்டால் சந்தேகத்துக்கு இடமில்லை. கிழமை எழுதுவதில் இன்னொரு பயனும் உண்டு. தேதியில் கை தவறியிருந்தால் கிழமை பொருந்தாமல் நின்று உங்களுக்கே காட்டிக்கொடுக்கும்.

இரண்டாம் படி: வாடிக்கையாளரின் நாட்காட்டியைப் பாருங்கள்

இதைத்தான் பெரும்பாலான அறிவிப்புகள் விட்டுவிடுகின்றன. நீங்கள் எந்த நாளில் மூடுகிறீர்கள் என்பதை விட, அதனால் தன் வேலைக்கு என்ன ஆகும் என்பதுதான் படிப்பவருக்கு முக்கியம்.

மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு விற்பனை விவரம் தரும் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தின் வழக்கமான கடைசி நாள் 11. வரி கட்டும் ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்துக்கு 20. இரண்டுக்கும் நடுவில், 14 அன்று, கொள்முதல் வரிச் சலுகையைக் காட்டும் 2பி அறிக்கை உருவாகிறது. அதைப் பார்த்த பிறகுதான் கட்ட வேண்டிய தொகையை உறுதியாகச் சொல்ல முடியும். நம் அலுவலகம் மூடியிருப்பது 15 முதல் 18 வரை. அப்படியானால் 3பி வேலைக்கு மிஞ்சுவது 14 மாலையும் 19, 20 ஆகிய இரண்டு நாட்களும்தான். அதுவும் பெட்டிகள் பிரிக்கப்படாத புது இடத்தில்.

ஆகவே அறிவிப்பில் "பில்களைச் சீக்கிரம் அனுப்பவும்" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். "டிசம்பர் மாத விற்பனை பில்கள் 8 வியாழன் மாலைக்குள், கொள்முதல் பில்கள் 12 திங்கள் மாலைக்குள் எங்களிடம் வர வேண்டும்" என்று சொல்லுங்கள். கட்ட வேண்டிய தொகை அவர்களுக்கு எப்போது தெரியும் என்பதையும் சேருங்கள். 20-ஆம் தேதி தாண்டினால் தாமதக் கட்டணமும், கட்டாத வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டியும் வரும் என்பதால் பணம் புரட்ட அவர்களுக்கு நேரம் வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் 3பி கடைசி நாள் 22. அவர்களுக்கு ஒரு வரி மாற்றித் தனியாக அனுப்புங்கள். இரண்டு தேதிகளையும் ஒரே கடிதத்தில் போட்டால் எது தனக்கு என்று குழம்புவார்கள்.

மூன்றாம் படி: புதிய முகவரியும் எண்ணும்

குன்னூரின் எஸ்டிடி குறியீடு 0423, கோத்தகிரியின் குறியீடு 04266. பழைய தரைவழி எண் நம்மோடு வராது, முழு எண்ணும் மாறும். அஞ்சல் குறியீடும் 643101-லிருந்து 643217 ஆகும். புதிய எண்ணைக் குறியீட்டோடு முழுதாக எழுதுங்கள். முடிந்தால் பழைய இணைப்பை இரண்டு மாதம் வைத்துக்கொண்டு, வரும் அழைப்புகளை அலுவலக மொபைலுக்குத் திருப்பிவிடுங்கள். பழைய எண் எந்த நாளோடு நிற்கும் என்பதையும் கடிதத்தில் சொல்லிவிடுங்கள். கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் மாறவில்லை என்றால் "மாறவில்லை" என்றே எழுத வேண்டும். எழுதாமல் விட்டால், அதுவும் மாறியிருக்குமோ என்று நினைப்பவர்கள் உண்டு.

மலையில் முகவரி மட்டும் போதாது. ஒரே கட்டடத்துக்கு மேல் சாலையிலிருந்து ஒரு வாசல், கீழ்ச் சாலையிலிருந்து ஒரு வாசல் இருக்கும். வரைபடச் செயலியில் வைத்த புள்ளி மேலிருந்து பார்த்தால் இரண்டு சாலைக்கும் ஒன்றுதான். வண்டி தவறான சாலைக்குப் போய்விட்டால் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். எனவே புள்ளியைக் கட்டடத்தின் நடுவில் வைக்காமல், வாசலுக்கு எதிரே சாலையிலேயே வையுங்கள். பிறகு இடம் தெரியாத ஒருவரிடம் அந்த இணைப்பைக் கொடுத்து வரச் சொல்லிப் பாருங்கள். எத்தனை படி இறங்க வேண்டும், வண்டி எங்கே நிறுத்தலாம் என்பதையும் ஒரு வரியில் சொல்லலாம். வயதானவர்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் வரலாமா என்று முடிவு செய்வார்கள்.

கீழே இருந்து வருபவர்களுக்குப் பாதையே மாறுகிறது. குன்னூர் வந்து மறுபடி கோத்தகிரிக்குப் போக வேண்டாம், மேட்டுப்பாளையத்திலேயே கோத்தகிரி சாலையில் பிரியலாம். வெளி மாவட்ட வண்டிகளுக்கு 2024 மே முதல் இ-பாஸ் முறை வந்திருப்பதால், புறப்படும் முன் அதைப் பார்த்துக்கொள்ளும்படி நினைவூட்டுங்கள்.

நான்காம் படி: வங்கிக் கணக்கு பற்றி ஒரு வரி

இதை எந்தக் காரணத்துக்காகவும் விடாதீர்கள். ஓர் அலுவலகம் இடம் மாறும் செய்தி வெளியே தெரிந்தால், "எங்கள் வங்கிக் கணக்கும் மாறிவிட்டது, இனி இந்தக் கணக்கில் போடவும்" என்று பொய்யாக ஒரு செய்தி அனுப்புவது மோசடிக்காரர்களுக்குச் சுலபம். வாடிக்கையாளரும் நம்பிவிடுவார், ஏனென்றால் எல்லாமே மாறிக்கொண்டிருக்கிறது. அதனால் "எங்கள் வங்கிக் கணக்கும் ஜிஎஸ்டி எண்ணும் மாறவில்லை. மாறியதாக யார் சொன்னாலும் பணம் அனுப்பும் முன் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணில் எங்களை அழைத்துக் கேளுங்கள்" என்று எழுதுங்கள். மாநிலத்துக்குள்ளேயே மாறுவதால் ஜிஎஸ்டி எண் அப்படியே இருக்கும். பதிவில் உள்ள முகவரியை மட்டும் 15 நாளுக்குள் திருத்த விண்ணப்பிக்க வேண்டும். உண்மையாகவே வங்கிக் கணக்கு மாறப்போகிறது என்றால், அதை இந்த மாதம் செய்யாமல் தள்ளிப்போடுவது நல்லது.

ஐந்தாம் படி: அவசரம் என்றால் என்ன?

"அவசரத்துக்கு அழைக்கவும்" என்று ஓர் எண்ணை மட்டும் கொடுத்தால் இரண்டு விதமாகக் கெடும். சாதாரணக் கேள்விக்கும் சிலர் அழைப்பார்கள். நிஜமான சிக்கலில் மாட்டியவர், விடுமுறையில் தொந்தரவு செய்யக் கூடாது என்று தயங்கிச் சும்மா இருப்பார். இரண்டாவதுதான் ஆபத்து.

ஒரு தொழிற்சாலையிலிருந்து தேயிலை ஏற்றிய லாரி பொங்கல் அன்று வழியில் பழுதாகி நிற்கிறது. அதன் இ-வே பில் அன்று நள்ளிரவோடு முடிகிறது. காலாவதி ஆவதற்கு முன் 8 மணி நேரத்துக்குள், அல்லது ஆன பிறகு 8 மணி நேரத்துக்குள் மட்டுமே அதை நீட்டிக்க முடியும். திங்கள் வரை காத்திருந்தால் வாய்ப்பே போய்விடும். இது அவசரம். வண்டியைச் சோதனையில் நிறுத்திவைத்தாலும் அவசரம். பதில் சொல்லக் கெடு 19-க்குள் முடியும் வரித் துறை நோட்டீஸும் அவசரம். போன மாதத் தாக்கல் நகல் வேண்டும் என்பது திங்கள் வரை பொறுக்கும். இப்படி இரண்டு மூன்று எடுத்துக்காட்டுகளைப் பெயர் சொல்லி எழுதிவிட்டால் யாருக்கும் தயக்கம் வராது.

எண்ணை யார் எடுப்பார், எந்த நேரத்தில் என்பதையும் எழுதுங்கள். அந்த ஆளிடம் மடிக்கணினியும், வாடிக்கையாளரின் இ-வே பில் தளத்தில் நுழையத் தேவையான விவரங்களும் இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். மடிக்கணினி பெட்டிக்குள் போய் லாரியில் ஏறிவிட்டால் அவர் போனை எடுத்தும் பயனில்லை. கிராமத்து வீட்டில் பொங்கல் கொண்டாடப் போகிறவர் என்றால் அங்கே சிக்னல் கிடைக்குமா என்று கேளுங்கள். சந்தேகம் இருந்தால் வேறு நிறுவன சிம் உள்ள இன்னொருவரின் எண்ணையும் இரண்டாவதாகக் கொடுங்கள்.

ஆறாம் படி: கடிதம்

எல்லாம் கைக்கு வந்த பிறகு எழுதினால் கடிதம் இவ்வளவுதான்:

> பொருள்: ஜனவரி 19 முதல் எங்கள் அலுவலகம் கோத்தகிரியில், 15–18 விடுமுறை
>
> அன்புடையீர், வணக்கம்.
>
> ஜனவரி 14 புதன் மாலை 5 மணி வரை குன்னூர் அலுவலகத்தில் இருப்போம். 15 வியாழன் முதல் 18 ஞாயிறு வரை நான்கு நாளும் விடுமுறை. 19 திங்கள் காலை 10 மணிக்குக் கோத்தகிரியில் திறக்கிறோம்.
>
> உங்கள் பக்கம் செய்ய வேண்டியது: டிசம்பர் விற்பனை பில்கள் 8 வியாழன் மாலைக்குள், கொள்முதல் பில்கள் 12 திங்கள் மாலைக்குள். கட்ட வேண்டிய வரித் தொகையை 19 மாலைக்குள் சொல்லிவிடுவோம். கட்டக் கடைசி நாள் 20 செவ்வாய்.
>
> புதிய முகவரி: ________, கோத்தகிரி 643217. வாசல் மேல் சாலையில். வரைபட இணைப்பு: ________
> புதிய தரைவழி எண்: 04266-________. பழைய 0423 எண் மார்ச் 18 வரை இயங்கும்.
> கைபேசி எண், மின்னஞ்சல், வங்கிக் கணக்கு, ஜிஎஸ்டி எண் எதுவும் மாறவில்லை. மாறியதாகச் செய்தி வந்தால் பணம் அனுப்பும் முன் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணில் எங்களை அழையுங்கள்.
>
> விடுமுறையில் இ-வே பில் சிக்கல், வண்டி நிறுத்தம், கெடு முடியும் நோட்டீஸ் ஆகியவற்றுக்குத் தயங்காமல் அழைக்கலாம்: ________, காலை 7 முதல் இரவு 10 வரை. கிடைக்காவிட்டால்: ________

காரணம் எதுவும் எழுதவில்லை, கவனித்திருப்பீர்கள். வாடகை, இட வசதி பற்றி ஒரு பத்தி எழுதினால் தேதி கீழே போய்விடும். கைபேசித் திரையில் முதலில் கண்ணில் படுவது தேதியாக இருக்க வேண்டும்.

ஏழாம் படி: அனுப்புவது

டிசம்பர் நடுவில் மின்னஞ்சலும் கடிதமும், ஜனவரி 5 வாக்கில் வாட்ஸ்அப், 13 அன்று தேதிகளும் அவசர எண்ணும் மட்டும் உள்ள சின்ன நினைவூட்டல். வாட்ஸ்அப்பில் பிராட்காஸ்ட் பட்டியலாக அனுப்பினால், உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் போய்ச் சேரும். இரண்டு டிக் விழாத பெயர்களைக் குறித்துக்கொண்டு அவர்களைத் தனியாக அழையுங்கள். வாட்ஸ்அப்பே பார்க்காத பெரியவர்களை முதல் வாரத்திலேயே அழைத்துவிடுவது நல்லது.

முதல் சுற்று போன பிறகு வரும் கேள்விகளைக் கவனியுங்கள். ஒரே கேள்வி இரண்டு மூன்று பேரிடமிருந்து வந்தால் கடிதத்தில் அந்த இடம் தெளிவாக இல்லை என்று பொருள். அதைத் திருத்திவிட்டு அடுத்த சுற்றை அனுப்புங்கள்.

அப்புறம் 14 மாலை, பழைய கதவில் இதே விவரங்களைப் பெரிய எழுத்தில் ஒட்டிவிட்டு, மழையிலும் மூடுபனியிலும் ஊறாமல் இருக்கத் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். மின்னஞ்சலில் தானியங்கிப் பதிலையும் அன்றே போட்டுவிட்டு, 19 காலை அதை நிறுத்துங்கள். பழைய முகவரிக்கு வரும் தபால்களைப் புதிய முகவரிக்குத் திருப்பிவிட குன்னூர் அஞ்சலகத்தில் எழுதிக் கொடுப்பதையும் அந்த வாரத்துக்குள் முடித்துவிடுங்கள்.