டிபன் மெனுவில் மூன்று வரி எழுதுவது எப்படி: அடை அவியலை வைத்து ஒரு செய்முறை

புதுக் கடையின் மெனு கார்டில் எல்லா ஐட்டத்துக்கும் விளக்கம் தேவையில்லை. இட்லிக்கு எழுதினால் யாரும் படிக்கப்போவதில்லை. சப்ளையரை நிறுத்தி ஆட்கள் கேள்வி கேட்கிற ஐட்டங்களுக்கு மட்டும் எழுதுங்கள். 20 ஐட்டம் இருந்தால் பெரும்பாலும் ஆறேழு தேறும். அடை அவியல் அதில் கட்டாயம் வரும் என்பதால் அதையே எடுத்துக்கொள்வோம்.

1. அடுப்படியில் நின்று குறிப்பெடுங்கள்

தோசை மாஸ்டர் அடை போடும்போது பக்கத்தில் நின்று பார்த்ததை அப்படியே எழுதுங்கள். புழுங்கலரிசி, துவரம்பருப்பு, கடலைப்பருப்பு, உளுந்து. வரமிளகாய், பெருங்காயம். மாவு நைசாக இல்லை, ரவை போலக் கரகரப்பு. கல்லில் தட்டி, நடுவில் துளை போட்டு நல்லெண்ணெய் விடுகிறார். ஒரு தட்டுக்கு இரண்டு அடை. கூட அவியல், ஒரு துண்டு வெல்லம்.

2. சப்ளையரிடம் கேளுங்கள்

அடை கேட்பவர்கள் முதலில் என்ன விசாரிக்கிறார்கள்? "தொட்டுக்க என்ன தர்றீங்க?", "காரமா இருக்குமா?", "ஒரு தட்டுல எத்தனை வரும்?" இந்த மூன்றுக்கும் கார்டிலேயே பதில் இருந்தால் விளக்கம் பாதி முடிந்தது. பசியைத் தூண்டுகிற வேலை மிச்சப் பாதி.

3. எழுதுங்கள்

முதல் முயற்சி அநேகமாக இப்படித்தான் வரும்:

"பாரம்பரிய முறையில் தயாரிக்கப்பட்ட, சுவையும் சத்தும் நிறைந்த அடை, அவியலுடன் பரிமாறப்படும்."

அடையை எடுத்துவிட்டுப் பூரியை வைத்தாலும், அவியலுக்குப் பதில் கிழங்கு என்று மாற்றினால் போதும், வரி அப்படியே நிற்கும். எந்தப் பண்டத்துக்கும் பொருந்துகிற வரி நாக்கில் எதையும் வைக்காது. 'தயாரிக்கப்பட்ட', 'பரிமாறப்படும்' இரண்டும் டெண்டர் நோட்டீஸ் நடை. அரைத்தது, தட்டியது, சுட்டது என்று எழுதினால் கை வேலை கண்ணில் தெரியும்.

இதைத் திருத்தப் போனால் அடுத்த தவறு வரும். குறிப்பில் உள்ள அத்தனையும் ஒரே வாக்கியத்தில் ஏறிவிடும்: "மூன்று பருப்பும் அரிசியும் சேர்த்துக் கரகரப்பாக அரைத்து நடுவில் துளையிட்டு நல்லெண்ணெய் விட்டுச் சுட்ட அடை". தமிழில் அடைமொழியெல்லாம் முன்னால் வந்து, பெயர் கடைசியில்தான் வரும். பசியோடு இருப்பவர் அதுவரை காத்திருக்க மாட்டார். தலைப்பிலேயே 'அடை அவியல்' இருப்பதால் பெயரைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை, வாக்கியத்தை உடைத்துவிடலாம்:

அடை அவியல்
மூன்று பருப்பும் புழுங்கலரிசியும் வரமிளகாயோடு கரகரவென்று அரைத்தது.
நடுவில் துளையிட்டு நல்லெண்ணெய் விட்டுச் சுட்டது. ஓரம் மொறுமொறு, நடுவே மெத்து.
இரண்டு அடை, அவியல், ஒரு துண்டு வெல்லம். நடுத்தரக் காரம்.

முதல் வரியில் பொருள், இரண்டாவதில் வாயில் படுகிற விதம், மூன்றாவதில் கேள்விகளுக்குப் பதில். மொத்தமே 20 வார்த்தைக்குப் பக்கம். இதைத் தாண்டினால் கார்டில் எழுத்தைச் சிறிதாக்க வேண்டிவரும், மூக்குக்கண்ணாடி எடுத்துவராதவர் விட்டுவிடுவார்.

4. கடைசித் தட்டை வைத்துச் சரிபாருங்கள்

பலரும் தவறவிடுவது இதைத்தான். வெண்பொங்கலுக்கு 'குழையக் குழைய' என்று எழுதுகிறோம். காலை ஏழு மணிக்கு அது உண்மை. பத்து மணிக்குப் பொங்கல் ஆறி இறுகிவிடும், கரண்டியில் கட்டியாக வரும். அப்போது கார்டைப் படித்துவிட்டுக் கேட்டவருக்குத்தான் ஏமாற்றம் அதிகம். அவ்வப்போது வெந்நீரும் நெய்யும் விட்டுக் கிளறித் தருகிற வழக்கம் இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் நேரம் போனாலும் மாறாததைச் சொல்லுங்கள்: "முழு மிளகு, சீரகம், இஞ்சி, நெய்யில் வறுத்த முந்திரி."

பார்சலுக்கும் இதே கணக்கு. பொட்டலத்துக்குள் ஆவி அடைத்தால் கால் மணி நேரத்தில் தோசை துவண்டுவிடும். ஆகவே பார்சல் மெனுவில் 'மொறுமொறு'வை எடுத்துவிட்டு, மசாலாவையும் சட்னியையும் பற்றி எழுதுங்கள்.

நெய் என்று அச்சடித்துவிட்டு வனஸ்பதி ஊற்றினால் அது வெறும் மிகைப்பேச்சு அல்ல. 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அபராதம் வரை போகும். முந்திரி, நிலக்கடலை சேர்வதையும் மறைக்காமல் எழுதுங்கள், ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். 'கோதுமை இல்லாதது' என்று அடைக்குப் போடும் முன் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துவிடுங்கள்.

5. மொத்தக் கார்டையும் சத்தமாகப் படியுங்கள்

ஆறு விளக்கமும் தனித்தனியே நன்றாக இருக்கும், சேர்த்துப் படித்தால் நான்கில் 'மொறுமொறு' இருக்கும். அந்த வார்த்தையை எந்த ஐட்டத்துக்கு விட்டுவைப்பது என்று மாஸ்டரையே கேளுங்கள். அவர் ரவா தோசையைக் காட்டினால், அடையின் ஓரம் 'முறுகல்' என்று மாறிக்கொள்ளட்டும்.