ஃபோனில் ‘கேன்’ என்று அழுத்திச் சொல்லாதீர்கள்: ஆங்கில அழைப்புகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

‘வி’க்கும் ‘டபிள்யூ’வுக்கும் உள்ள வேறுபாடு, ‘இஸ்கூல்’ என்று முன்னால் ஒட்டிக்கொள்ளும் ‘இ’ போன்றவற்றை எல்லாப் பயிற்சி வகுப்புகளிலும் சொல்லித் தந்துவிடுகிறார்கள். அவற்றைத் திருத்திய பிறகும் எதிர்முனையில் “சாரி?” என்று கேட்டுக்கொண்டே இருந்தால், தவறு வேறு இடத்தில் இருக்கிறது.

வழக்கமான தொலைபேசி லைன் சுமார் 300 ஹெர்ட்ஸ் முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியை மட்டும் கடத்தும். ‘ஸ்’, ‘ஃப்’ போன்ற மெய்களின் சீறல் பெரும்பாலும் அதற்கு மேலே இருப்பதால் வழியிலேயே போய்விடும். புதிய மொபைல் அழைப்புகளில் தரம் கூடியிருக்கிறது என்றாலும், ஒரு முனை பழைய லைனாக இருந்தால் பழைய கதைதான். உதட்டசைவும் தெரியாது. கேட்பவருக்கு மிஞ்சுவது உயிரொலியும், எந்த அசை ஓங்கியது, எது அமுங்கியது என்ற தாளமும்தான். அந்தத் தாளத்தைத்தான் நாம் அவருக்குக் கொடுப்பதில்லை.

குரலை உயர்த்துவது

எல்லா அசையும் சேர்ந்து உயரும். பயனில்லை.

‘கேன்’ என்பதை முழுதாகச் சொல்வது

இந்த ஒன்றை எத்தனை முறை திருத்தினாலும் அடுத்த அணியிலும் அப்படியே வந்து நிற்கிறது. அதனால் இதற்குத்தான் இங்கே அதிக இடம்.

வாடிக்கையாளர் சேவைக்குப் புதிதாக வந்த ஒருவர் அமெரிக்க வாடிக்கையாளரிடம், “வீ கேன் சென்ட் தி ரிப்ளேஸ்மென்ட் ஆன் தர்ஸ்டே” என்றார். இலக்கணம் சரி, சொற்கள் சரி. எதிர்முனையில் சிறு மௌனம். பிறகு, “ஓகே, தென் கேன்சல் இட்.” வியாழக்கிழமை அனுப்ப முடியும் என்று சொன்னவருக்கு, ஆர்டர் ஏன் ரத்தானது என்றே புரியவில்லை. வாடிக்கையாளர் கேட்டதோ ‘முடியாது’ என்று.

காரணம் இது. அமெரிக்க ஆங்கிலத்தில் ‘கேன்’, ‘கேன்ட்’ இரண்டுக்கும் முழுதாகச் சொன்னால் உயிரொலி ஒன்றே. ‘கேன்ட்’டின் கடைசி ‘ட்’டை அவர்கள் வெடித்துச் சொல்வதில்லை, தொண்டையிலேயே நிறுத்திவிடுவார்கள். ஆகவே அவர்கள் ‘ட்’டைத் தேடுவதில்லை, அழுத்தத்தைத் தேடுகிறார்கள். ‘முடியும்’ என்ற பொருளில் இந்தச் சொல் ‘க்ன்’ என்று நசுங்கி, பின்வரும் வினைச்சொல் ஓங்கும். ‘முடியாது’ என்றால் ‘கேன்’ என்று முழு உயிரோடு ஓங்கும். நாம் தமிழ்ப் பழக்கத்தில் ஒவ்வோர் அசைக்கும் உரிய மாத்திரையைக் கொடுத்து ‘கேன்’ என்று நெடிலாகச் சொல்கிறோம். அவர் காதில் அது மறுப்பாக விழுகிறது. அடுத்த சொல் ‘டேக்’, ‘டெல்’ என்று ‘ட’வில் தொடங்கினால் நிலைமை இன்னும் மோசம். அந்த ‘ட’வே ‘கேன்ட்’டின் வாலாகக் கேட்கும்.

பிரிட்டிஷ்காரர்களிடம் இந்த ஆபத்து குறைவு. அவர்கள் மறுப்பை ‘காண்ட்’ என்று ‘ஆ’ போட்டுச் சொல்வதால் உயிரொலியே பிரித்துக் காட்டிவிடும். அமெரிக்க, கனடா அழைப்புகளை எடுப்பவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும்.

திருத்துவதற்குத் தமிழிலேயே கருவி இருக்கிறது: குற்றியலுகரம். ‘காசு’, ‘பாட்டு’ என்று பேசும்போது கடைசி உகரத்துக்கு உதட்டைக் குவிப்பதில்லை, அரை மாத்திரையில் விட்டுவிடுகிறோம். ஆங்கிலத்தின் அமுங்கிய உயிர் அதுவே அல்ல, ஆனால் பக்கத்தில் இருக்கிறது. ‘க’கர மெய்க்கும் ‘ன’கர மெய்க்கும் நடுவே அந்த அரை மாத்திரை ஒலியை மட்டும் வையுங்கள்: ‘க்ன்’. பிறகு அதை முன்சொல்லோடு ஒட்டி ஒரே சொல்லாக்குங்கள்: ‘வீக்ன்’. அதன்பின் வினையை நீட்டி, குரலைச் சற்றே மேலேற்றிச் சொல்லுங்கள்:

வீக்ன் சென்ட் த ரிப்ளேஸ்மென்ட் ஆன் தர்ஸ்டே.

மறுப்பு இப்படி வரும்:

வீ கேன்ட் சென்ட் த ரிப்ளேஸ்மென்ட் ஆன் தர்ஸ்டே.

இரண்டையும் மொபைலில் பதிவு செய்து, ஒலி அலை தெரியும் ஏதாவது செயலியில் திறந்து பாருங்கள். முதல் வாக்கியத்தில் ‘க்ன்’ பிடிக்கும் நீளம் ‘சென்ட்’டின் நீளத்தைவிட வெகுவாகக் குறைந்திருக்க வேண்டும். இரண்டும் ஏறக்குறைய சமமாக இருந்தால் இன்னும் ‘கேன்’ என்றுதான் சொல்கிறீர்கள். பிறகு இரண்டையும் மாற்றி மாற்றிப் பதிவு செய்து, எது எது என்று சொல்லாமல் ஒரு நண்பருக்கு ஃபோனில் போட்டுக்காட்டி, ‘முடியுமா, முடியாதா’ என்று கேளுங்கள். நேரில் போட்டுக்காட்டினால் சோதனை ஆகாது. நேரில் எல்லாம் புரியும்.

எல்லா இடத்திலும் நசுக்கிவிடக் கூடாது. “யெஸ், வீ கேன்” என்று வாக்கியம் அங்கேயே முடிந்தால் முழுதாகத்தான் சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் நம்பாதபோது ‘நிச்சயம் முடியும்’ என்று வலியுறுத்தவும் அழுத்தலாம். பணமோ தேதியோ சம்பந்தப்பட்ட இடத்தில் இந்தச் சொல்லையே தவிர்ப்பது நல்லது. ஒப்புக்கொள்ளும்போது ‘வீ வில்’ என்றும், மறுக்கும்போது சுருக்காமல் ‘கேன்னாட்’ என்றும் சொன்னால் குழப்பத்துக்கு இடமே இல்லை. எதிர்முனையில் “ஒய் நாட்?” என்ற கேள்வி வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தித் திருத்துங்கள். அவர் மறுப்பாகக் கேட்டுவிட்டார்.

சொல்லின் தவறான அசையில் ஏறுவது

தமிழில் ஓங்கும் அசை மாறினால் சொல் மாறாது. ஆங்கிலத்தில் கேட்பவர் ஓங்கிய அசையைப் பிடித்துத்தான் சொல்லைத் தேடுகிறார். ‘டெவலப்மென்ட்’ என்பதில் ‘டெ’யை ஓங்கினால் அவர் ‘டெ’யில் ஓங்கும் சொற்களிடையே தேடுவார். சரியானது டி-வெ-லப்-மென்ட், ‘வெ’தான் ஓங்கும். அதேபோல கம்-போ-னென்ட், டி-பா-சிட், இ-வென்ட், ஹோ-டெல் எல்லாவற்றிலும் இரண்டாம் அசைதான் ஓங்கும். இவையெல்லாம் தமிழ்ப் பேச்சுக்குள் முதலசை ஓங்கிக் குடியேறிய சொற்கள் என்பதால்தான் மாற்றுவது கடினம்.

ஒரு விதி மட்டும் மனத்தில் இருந்தால் நிறைய சொற்கள் சரியாகும். ‘ஷன்’, ‘இட்டி’, ‘இக்’ என்று முடிந்தால் அதற்கு முந்தைய அசை ஓங்கும்: இன்ஃபர்-மே-ஷன், எலெக்-ட்ரி-சிட்டி, ஸ்பெ-சி-ஃபிக். ‘பா’வில் ஓங்கும் பா-லிடிக்ஸ் போல விலகும் சொற்கள் கொஞ்சம் உண்டு. அவற்றைத் தனியாகக் கேட்டுப் பழகுவதைத் தவிர வழியில்லை. ஓங்குவது என்றால் சத்தம் மட்டுமல்ல: அந்த அசை நீள வேண்டும், சுருதி ஏற வேண்டும், பக்கத்து அசைகள் சுருங்க வேண்டும். பலரும் ஓங்குவதைச் செய்துவிட்டுச் சுருக்குவதை விட்டுவிடுகிறார்கள். அப்போது பாதிப் பலன்தான்.

புரியவில்லை என்றதும் மெதுவாக்குவது

வேகத்தைக் குறைத்தால் அமுங்க வேண்டிய ‘த’, ‘டு’, ‘க்ன்’ எல்லாம் நீண்டு, இருந்த தாளமும் போய்விடும். சொற்களின் வேகத்தை அப்படியே வைத்துக்கொண்டு, தொடர்களுக்கு நடுவே நிறுத்துங்கள்: “வீக்ன் சென்ட் த ரிப்ளேஸ்மென்ட்” – நிறுத்தம் – “ஆன் தர்ஸ்டே.”

13, 30

தனியாகச் சொன்னால் தர்-டீன் என்பதில் இரண்டாம் அசையும், தர்-டி என்பதில் முதலசையும் ஓங்கும். ஆனால் ‘டாலர்ஸ்’ போன்ற சொல் பின்னால் வந்தால் ஆங்கிலேயர்களே ‘தர்டீன்’ என்பதிலும் முதலசையை ஓங்கிவிடுவார்கள். இங்கே அழுத்தத்தை நம்ப வேண்டாம். எண்ணைச் சொல்லிவிட்டு, “ஒன் த்ரீ”, “த்ரீ ஸீரோ” என்று இலக்கமாகவும் சொல்லுங்கள்.